ஏழாவது ஆளின் பின்தொடை

மனிதனுக்குப் பின்தொடையில் ஒரு தசை இருக்கிறது என்பதை நான் அறிந்துகொண்டது போன வருஷம், ஊர்காவற்றுறைப் பக்கத்து மைதானம் ஒன்றில், பந்தைத் துரத்திக்கொண்டு ஓடும்போது. யாரோ பின்னால் வந்து என் இடது காலில் உதைத்தான். உதைத்தவனை நல்ல தமிழில் நாலு கேட்பதற்காக வாயைத் திறந்துகொண்டு திரும்பினேன். ஒருவரும் இல்லை. கோட்டுக்கு வெளியே ஒரு மாடு நின்றது. அதுவும் உதைக்கக்கூடிய தூரத்தில் நிற்கவில்லை. திறந்த வாயை மூடாமலே விழுந்தேன்.

என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கோட்டுக்கு வெளியே கிடத்தினார்கள். மத்தியஸ்தர் எங்கள் பக்கத்தை எண்ணினார். இன்னொரு தரம் எண்ணினார். பிறகு நீளமாக விசில் ஊதினார். ஆட்டம் முடிந்தது.

உதைபந்தாட்டத்தில் ஒரு பக்கம் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் கிடையாது. நாங்கள் தொடங்கும்போதே ஏழு பேர்தான். பதினொரு பேரில் ஏழு பேர் எப்படி வந்தது என்று கேட்டால், மற்ற நாலு பேரும் வராமல் விட்டதால் வந்தது. எங்கள் இடது பக்கம் முழுக்கக் கனடாவில் இருக்கிறது. நடுப்பகுதி பிரான்சில். முன்வரிசையில் ஒருவன் சுவிஸில் பனி வழித்துக்கொண்டிருக்கிறான். கோல் காப்பவன் மட்டும் ஊரிலேயே நிற்கிறான். அவனுக்கு விசா இரண்டு தரம் இல்லையென்று வந்துவிட்டது. ஊரே அதற்காகக் கவலைப்பட்டது, எங்கள் உதைபந்தாட்டக் கழகம் மட்டும் இரகசியமாகப் பால்பொங்கல் பொங்கியது.

நான் எப்படி அந்த ஏழில் ஒருவன் ஆனேன் என்பதற்கும் இதே கணக்குத்தான் காரணம். நான் பிரதேச சபையில் கதிரையில் இருந்து வேலை செய்பவன். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் பவுசர் வண்டி போகவேண்டும் என்று சொல்வது என் உத்தியோகம். நாற்பத்தாறு வயது. இளமையில் நான் விளையாடியபோது என்னைப் பற்றிச் சொல்லப்பட்ட ஆகப் பெரிய புகழ்ச்சி, "அவன் நிண்டால் பந்து அந்தப் பக்கத்தால போறதுக்குக் கொஞ்சம் சுத்தவேணும்" என்பதுதான்.

இந்த வருஷம் சிக்கல் என்னவென்றால், போட்டியை நடத்துகிறவர்களின் விதி. இரண்டு வருஷம் தொடர்ந்து ஆட்டத்தை முடிக்காத கழகத்தைப் பதிவிலிருந்து எடுத்துவிடுவார்கள். பிறகு சேரவேண்டுமென்றால் புதிதாகப் பதினைந்து பேரைக் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். எங்கள் ஊரில் பதினைந்து பேரை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் செத்தவீட்டுக்குத்தான் போகவேண்டும். அதிலும் பாதிப்பேர் வீடியோவில் நிற்பார்கள்.

ஆகவே எங்களுக்கு வெல்லத் தேவையில்லை. அந்த எண்ணமே எங்களுக்கு இல்லை. ஏழு பேராகத் தொடங்கி ஏழு பேராக முடிக்கவேண்டும், அவ்வளவுதான். அந்த ஏழில் ஆறு பேருக்கு நல்ல கால்கள் இருந்தன. ஏழாவது ஆள் நான்.

எங்கள் அணித்தலைவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். என்னிலும் பதினைந்து வயது இளையவர். மாலையில் வேலை முடிந்து போகும்போது என் வீட்டு வாசல் படலையில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டுவார்.

"அண்ணை, கால் எப்பிடி?"

"நான் சுகம் தம்பி."

"உங்களைக் கேக்கேல்லை. காலைக் கேட்டனான்."

அவருக்காகத்தான் பெரியாஸ்பத்திரியின் இயன்மருத்துவப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்தவ சின்னப் பெண். காலை மடக்கச் சொன்னா, நீட்டச் சொன்னா, குப்புறப் படுக்க வைத்துக் குதிக்காலைப் பிடித்துக்கொண்டு இழு என்றா. நான் இழுத்தேன். கையை அசைக்காமல் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றா.

"இழுங்கோ."

"இழுக்கிறன் பிள்ளை."

"ஓ," என்றா. அந்த 'ஓ'வை நான் இன்னும் மறக்கவில்லை.

பிறகு கேட்டா: "இந்த வயசில ஏன் இன்னும் விளையாடுறியள்?"

"வேற ஆள் இல்லை."

"ஆள் இல்லையெண்டால் விடலாந்தானே?"

பதில் சொல்லத் தெரியாததால் சிரித்தேன். எனக்குப் பதில் தெரியாத இடங்களில் சிரிப்பு வருவது பிறவிக் குணம். என் கல்யாண வீடியோவைப் பார்த்தால் தெரியும்.

"உங்கட பக்கம் ஜிம் ஏதும் இருக்கோ?"

"பிள்ளை, எங்கட பக்கம் குடிக்கிற தண்ணியே பவுசரில வருது."

"அப்ப என்னதான் இருக்கு?"

"வெளி இருக்கு. கண்ணுக்கெட்டின மட்டும் வெளி."

"உங்கட உடம்பும் இருக்குத்தானே. அந்த ரெண்டுமே காணும், வேற வேண்டாம்," என்றா.

அவ சொன்னதைச் சுருக்கினால் இதுதான். கிழமையில் இரண்டு நாள் பலத்துக்கு, இரண்டு நாள் ஓட்டத்துக்கு, இடையில் ஓய்வு. ஓய்வும் பயிற்சிதான், அதைக் களவெடுக்கக்கூடாது. பலத்துக்கான நாளில் குந்தி எழும்புவது, ஒரு காலைப் பின்னுக்கு வைத்து மற்றக் காலில் இறங்குவது, வாசற்படியில் முன்பாதத்தில் நின்று குதிக்காலை உயர்த்தி இறக்குவது, மல்லாந்து கிடந்து குதிக்கால்களைப் படியில் ஊன்றி இடுப்பைத் தூக்குவது, முழங்கையில் உடம்பைப் பலகைபோலப் பிடித்து நிற்பது. பல் தீட்டும்போது ஒற்றைக்காலில் நிற்கவேண்டும்; முதலில் கண்ணைத் திறந்து, பழகினபிறகு மூடி. அது கணுக்காலுக்கு.

இதெல்லாம் சரி. கடைசியில் ஒன்று சொன்னா. முழங்காலில் நிற்கவேண்டும். பின்னால் ஒருவர் குதிக்கால்களை அமத்திப் பிடிக்கவேண்டும். முழங்காலிலிருந்து தலைவரைக்கும் ஒரே தடியாக, இடுப்பை மடக்காமல், மெல்ல மெல்ல முன்னுக்குச் சரியவேண்டும். தாங்குமட்டும் தாங்கி, தாங்காத இடத்தில் கையை ஊன்றி விழவேண்டும். எழும்புவது கையால் தள்ளித்தான். எழும்புவதில் ஒன்றுமில்லை, விழுவதில்தான் எல்லாம்.

"விழுகிறது எனக்கு நல்லா வரும்," என்றேன்.

"மெல்ல விழவேணும்," என்றா. "நீங்கள் ஓடேக்க காலை முன்னுக்கு வீசுறியள். நிலத்தில வைக்கிறதுக்கு முதல் அதை இழுத்து நிப்பாட்டுறது இந்தத் தசைதான். நீண்டுகொண்டே பிடிக்கவேணும். அதுக்கு இதைவிட வேற பழக்கம் தேவையில்லை. முதல் ரெண்டு கிழமை கொஞ்சமாச் செய்யுங்கோ, ரெண்டாம் நாள் நோகும். பேந்து கூட்டலாம். ஒண்டு சொல்லுறன், மறக்கவேண்டாம். ஆட்டத்துக்கு முதல் மூண்டு நாளும் இதைத் தொடக்கூடாது. களைச்ச தசைதான் கிழியிறது."

குதிக்காலைப் பிடிக்க வீட்டில் ஒரே ஒரு ஆள். என் மனைவி பிடிப்பதற்கு மறுத்துவிட்டா. "உங்கட குதிக்காலைப் பிடிச்சுக்கொண்டிருக்க எனக்கு வேலையில்லையோ?" பேச்சுவார்த்தையின் முடிவில், பிடிக்கமாட்டன், வேண்டுமென்றால் ஏறி இருக்கிறன் என்றா. அதுவே நல்ல ஏற்பாடாக அமைந்தது. முற்றத்தில் நாலாக மடித்த சாக்கின்மேல் நான் முழங்காலில் நின்றேன். மனைவி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் குதிக்கால்களில் வசதியாக உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்து முருங்கையிலை உருவினா.

முதல் தரம் நான் சரியவே இல்லை. நேரே விழுந்தேன். கையை ஊன்ற மறந்து நெற்றி நிலத்தில் பட்டது.

"என்ன, கும்பிடுறியளோ?" திரும்பிப் பார்க்காமலே கேட்டா.

இரண்டாம் தரம் இடுப்பை மடித்து ஏமாற்றப் பார்த்தேன். அதை அவ பார்க்காமலே கண்டுபிடித்தா. குதிக்காலில் பாரம் மாறும்போது தெரியுமாம். "பின்பக்கத்தை உள்ளுக்கு எடுங்கோ. நேரா விழுங்கோ. விழுகிறதெண்டாலும் ஒரு ஒழுங்கு வேணும்."

இரண்டாம் நாள் நோ வந்தது. கக்கூசில் இருக்க முடிந்தது, எழும்ப முடியவில்லை. பிரதேச சபைக் கந்தோரில் நான் கதிரையிலிருந்து எழும்பும்போது ஒரு ஓசை வரும். கதிரையிலிருந்து என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் மூன்றாம் கிழமை ஒரு சங்கதி நடந்தது. நான் சரிந்தேன், இன்னும் சரிந்தேன், விழவில்லை. முதலில் ஒரு சாண் தூரம்தான் காற்றில் நின்றவன், இப்போது ஒரு முழம் நின்றேன். பின்தொடை இரண்டும் தேர்வடம்போல இறுகி என்னைப் பிடித்துக்கொண்டு நின்றன. என் உடம்பில் என் பேச்சைக் கேட்கும் ஒரு பாகம் இருக்கிறது என்பது எனக்கே ஆச்சரியம்.

"இஞ்சரும், பாரும், பாரும்!"

"பாத்தால் எழும்பவேணும். எழும்பினால் விழுவியள்," என்றா மனைவி. இலை உருவும் சத்தம் நிற்கவில்லை.

ஓட்டத்துக்கு எங்கள் ஊர் வெளி. அங்கே இரண்டு கோல் கம்பங்கள் உண்டு, அவற்றுக்கு நடுவில் உலகம். மாரியில் மாடுகள் நடந்த சேற்றுக் குழிகள் கோடையில் அப்படியே இறுகிக் கல்லாகிவிடும். அதில் கால் வைத்தால் கணுக்கால் மடங்கும். குழி இல்லாத இடத்தில் நெருஞ்சி. தண்டால் எடுப்பதற்குக் கையை ஊன்றி எத்தனை முள் என்று உள்ளங்கையால் அறிந்துகொள்ளலாம். முதலில் மெல்லோட்டம். பிறகு பனங்கொட்டை வைத்து அடையாளம் செய்து, மெல்லத் தொடங்கி வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய், நிற்பாட்டாமல் தணித்து வரும் ஓட்டம். முழுவேகத்தை முதல் நாளே தொடக்கூடாது, கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கிட்டப் போகவேண்டும். நான் போனேன். சோளகக் காற்று எதிரே அடிக்கும்போது என் முழுவேகமும் ஆடுகளின் நடையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆடுகள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மேயும்.

கால் தேறத் தேற எனக்குப் பயம் கூடியது. இதை யாரிடமும் சொல்ல முடியாது, எழுதத்தான் முடியும். கால் பழுதாக இருந்தபோது இழக்க ஒன்றுமில்லை. இப்போது என் இடது பின்தொடை ஊர்ச் சொத்து. நான் அதைச் சுமந்து திரிகிறவன். வாய்க்காலைத் தாண்டமாட்டேன், சுற்றிப் போவேன். பஸ்ஸில் ஏறும்போது வலது காலைத்தான் முதலில் வைப்பேன். ஏன் என்று கேட்டால் சாத்திரம் என்பேன். அயல் வீட்டு ஆடு கயிறு அறுத்து ஓடினபோது, என்னைத் தாண்டித்தான் ஓடியது; நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "பிடியுங்கோவன்!" என்று அந்த வீட்டு அக்கா கத்தினா. "என்னால ஏலாது அக்கா, எனக்கு ஆட்டம் இருக்கு," என்றேன். அந்த வீட்டிலிருந்து இன்னும் எங்களுக்கு மோர் வருவதில்லை. தும்மல் வந்தால்கூடக் காலை மடக்கிக்கொண்டு தும்மினேன்.

இந்த நேரத்தில் ஆட்டத் திகதி வந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் வேட்டைத் திருவிழா முடிந்த அடுத்த நாள். அணித்தலைவர் போய்த் திகதியை மாற்றச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்து என் படலையில் நின்றார்.

"என்னவாம்?"

"திருவிழா உங்கட, திகதி எங்கட எண்டு சொல்லிப்போட்டினம் அண்ணை."

இதில் என்ன கஷ்டம் என்பதை வெளியூர் ஆட்களுக்குச் சொல்லவேண்டும். எங்கள் கழகத்தில் மிஞ்சிய ஆட்களும் கோயிலில் சாமி தூக்க மிஞ்சிய ஆட்களும் ஒரே ஆட்கள். மற்ற நாட்களில் சாமி வீதியைச் சுற்றி வந்தால் போதும். வேட்டைத் திருவிழாவில் சாமி குதிரை வாகனத்தில் ஏறி வேட்டைக்குப் போகிறார். வேட்டைக்குப் போகிற குதிரை நடக்கமுடியாது, ஓடவேண்டும். குதிரைக்குக் கால் மரம், ஓடுவது நாங்கள். எங்கே ஓடுவது? அதே வெளியில். மாட்டுக்குழிகளுக்கும் நெருஞ்சிக்கும் மேலால், இந்தக் கோல் கம்பத்திலிருந்து அந்தக் கோல் கம்பம்வரை, போவதும் வருவதுமாக.

நான் முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்: இந்த முறை எனக்கு இடுப்புப் பிடிப்பு, சாமி தூக்கும் தண்டுக்குள் வரமாட்டேன். அணித்தலைவரும் மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் இளம் ஆட்கள், தூக்கிவிட்டு அடுத்த நாள் ஓடுவார்கள். மூன்று நாளும் நான் முற்றத்துச் சாக்கைத் தொடவில்லை. வெளிப்பக்கம் போகவில்லை. ஓய்வைக் களவெடுக்கவில்லை. இவ்வளவு ஒழுக்கமாக நான் பரீட்சைக்குக்கூட இருந்ததில்லை.

வேட்டை நாள் பின்னேரம் வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய், சனத்தோடு சனமாக, தண்டுக்குத் தூரத்தில் நின்றேன். குதிரை வாகனம் அலங்காரத்தோடு வாசலுக்கு வந்தது. ஐயர் தீபம் காட்டினார். தவில்காரர் அடித்துத் தீர்க்கிறார், ஆனால் குதிரை எழும்பவில்லை. என்னவென்று எட்டிப் பார்த்தால், பின் இடதுபக்கத் தண்டில் ஒரு தோள் குறைகிறது. தபால் கொண்டுவருகிற அண்ணை எப்போதும் நிற்கும் இடம். அன்று காலையில்தான் அவரின் சொந்தத்தில் யாரோ கொழும்பில் தவறிவிட்டார்கள், துடக்கு. கோயிலுக்குள் வரமுடியாது. வெளி வேலிக்கப்பால் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

லண்டனிலிருந்து வந்த ஒருவர் எனக்குப் பக்கத்தில் நின்றார். என் வயதுதான். கை இரண்டும் பனங்குற்றிமாதிரி. அங்கே தினமும் ஜிம்முக்குப் போகிறவராம். போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஒரு தோள் குறையுது. போங்கோவன்," என்றேன்.

"ஐயோ, எனக்கு முதுகு. பாரம் தூக்கவேண்டாமெண்டு டொக்டர் சொன்னவர்."

"அப்ப ஜிம்மில என்ன செய்யிறியள்?"

"அது வேற," என்றார். போன் அசையவில்லை.

குதிரை ஒரு பக்கம் சரிந்து நின்றது. சாமியின் மாலை சரிந்து ஒரு கண்ணை மறைத்தது. மறுகண் என்னைப் பார்த்தது. சாமி பார்த்தது போதாதென்று சனமும் பார்த்தது. ஐயரும் பார்த்தார். தண்டுக்குள் நின்ற அணித்தலைவர் மட்டும் தலையை அசைத்தார், வேண்டாம் அண்ணை, வேண்டாம்.

நான் போனதைப் பக்தி என்று யாரும் நினைக்கவேண்டாம். பயம். அத்தனை கண்களுக்கு முன்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு, கால் கிழிவதற்கு வேண்டியதைவிடக் கூடத் துணிவு வேண்டும். அது என்னிடம் இல்லை. சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்டுக்குள் தோளைக் கொடுத்தேன்.

"அரோகரா!"

குதிரை எழும்பியது. ஓடியது. நான் என் காதுக்குள் ஆஸ்பத்திரிப் பெண்பிள்ளையின் குரலைக் கேட்டுக்கொண்டு ஓடினேன்: களைச்ச தசைதான் கிழியிறது. ஒரு கோல் கம்பம்வரை போனோம், திரும்பினோம், மறுபடி போனோம். முன்னுக்கு நின்றவர்கள் ஒரு மாட்டுக்குழியைத் தாண்டினார்கள். பின்னுக்கு நின்ற எங்களுக்கு அது தெரியாது, குதிரை துள்ளியதில்தான் தெரிந்தது. தோளில் சாமி, காலுக்குக் கீழே நெருஞ்சி. சனம் பின்னால் ஓடி வருகிறது. என் இடது கால் ஒவ்வொரு எட்டிலும் பிடித்தது. பிடித்தது, மறுபடி பிடித்தது. குதிரையை இறக்கிவைத்தபோது கிழியாத காலோடு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. சனம் பக்தி என்று நினைத்து எனக்கு வழிவிட்டது.

அணித்தலைவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து என் பின்தொடையைக் கையால் தடவிப் பார்த்தார். கோயில் வாசலில் ஒரு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளையின் தொடையைத் தடவுவதை ஐயர் கண்டும் காணாமல் உள்ளே போனார்.

"இருக்கோ அண்ணை?"

"இருக்கு தம்பி."

அடுத்த நாள் விடிய எழும்பியபோது இருந்ததுதான், ஆனால் கயிறாக இருந்தது. எனக்கு மட்டுமல்ல. மைதானத்தில் எங்கள் ஏழு பேரும் நடந்து வந்ததைப் பார்த்தவர்கள், ஏதோ வாகன விபத்து நடந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

அதிலும் ஒரு நம்பிக்கை இருந்தது. எங்களோடு விளையாட வேண்டியவர்கள் அனலைதீவுக் கழகம். சோளகம் மூர்க்கமாக அடித்தது, கடல் வெள்ளையாகப் புரண்டது. படகு வராவிட்டால் அவர்கள் இல்லை; எதிர்ப்பக்கம் வராவிட்டால் ஆட்டம் எங்களுக்கு. நாங்கள் ஏழு பேரும் பந்தை மறந்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என் வாழ்க்கையில் காற்றை அவ்வளவு நேசித்ததில்லை.

"உந்தக் கடலில ஆர் வருவான்?" என்றான் கோல் காப்பவன்.

வந்தார்கள். தலையிலிருந்து கால்வரை நனைந்துகொண்டு, சிரித்துக்கொண்டு, மாற்று ஆட்களையும் சேர்த்து ஒரு படகு நிறைய வந்தார்கள். வந்ததும் சட்டையைப் பிழிந்து போட்டுக்கொண்டு, உடம்பைச் சூடாக்க மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். நாங்கள் உடம்பைச் சூடாக்கவில்லை. எங்களிடம் அவ்வளவு உடம்பு இல்லை.

ஆட்டத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. ஏழு பேர் பதினொரு பேரை எதிர்த்து நிற்பது, கைவிரித்து மழையை மறிக்கிற மாதிரி. எத்தனை கோல் என்று நான் எழுதப்போவதில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு அவர்களும் எண்ணுவதை விட்டுவிட்டார்கள். முதல் பாதியை ஏழு பேராக முடித்தோம். இடைவேளையில் அணித்தலைவர் எங்களை எண்ணினார், என்னை மட்டும் தொட்டு எண்ணினார்.

இரண்டாம் பாதியின் பிற்பகுதியில் பந்து ஒன்று என் பக்கத்தால் நீளமாக வந்தது. ஓடவேண்டிய தேவையே இல்லை. அது கோலானாலும் கணக்கு மாறாது. ஆனால் கால் பழக்கப்பட்டுவிட்டது. அத்தனை கிழமை வெளியில் ஓடின கால், என்னைக் கேட்காமலே ஓடியது. நாலு எட்டு வைத்திருப்பேன். யாரோ பின்னால் வந்து உதைத்தான்.

இந்த முறை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

விழவும் இல்லை. விழக்கூடாது என்று மூளைக்கு எங்கிருந்தோ புத்தி வந்தது. விழுந்தால் மத்தியஸ்தர் வருவார், வெளியே கொண்டுபோகச் சொல்வார், வெளியே போனால் ஆறு. ஒற்றைக்காலில் துள்ளித் துள்ளிப் போய்க் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அணித்தலைவர் என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. ஓடிவந்தார், கிட்ட வந்து முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டு பேசினார்.

"அண்ணை, போயிட்டுதோ?"

"போயிட்டுது."

"விழாதையுங்கோ. ஒண்டும் செய்யவேண்டாம். கோட்டுக்குள்ள நிண்டால் காணும்."

மத்தியஸ்தரும் வந்தார். "என்ன அண்ணை, ஏலுமோ?"

"ஓம், ஓம். சும்மா சாஞ்சு நிக்கிறன். கம்பத்துக்கும் பேச்சுத் துணை வேணுமெல்லோ."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கல்யாண வீடியோச் சிரிப்பைச் சிரித்தேன். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். விசிலை வாயில் வைக்காமல் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் ஒற்றைக்காலில் நின்றது. பல் தீட்டும்போது செய்த, மனைவி "கொக்கு வந்திட்டுது" என்று சிரித்த, பயிற்சி என்றே நான் மதிக்காத ஒன்று. இடது காலின் நுனி நிலத்தில் பட்டும் படாமலும். வலது கணுக்கால் சின்னச் சின்னதாக ஆடி ஆடித் தன்னைத் திருத்திக்கொண்டது. பந்து வரும்போது கம்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். அதற்கும் பழக்கம் இருந்தது. அனலைதீவு முன்வரிசைப் பெடியன் ஒருவன் பந்தோடு வந்து, என்னைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, "ஐயா, கொஞ்சம் அரக்கி நில்லுங்கோ, பந்து பட்டிடும்," என்றான். நான் கம்பத்தோடு ஒட்டி நின்றேன். மெல்லத் தட்டிக் கோலாக்கிவிட்டு, "நன்றி ஐயா," என்று போனான். அந்த 'ஐயா'தான் பின்தொடையைவிடக் கூட நொந்தது.

விசில் ஊதினபோது ஏழு பேர் கோட்டுக்குள் நின்றோம். ஆட்டம் முடிந்தது, முடிக்கப்பட்டது. பதிவில் கழகம் இருக்கிறது. அணித்தலைவர் என்னைத் தோளில் தூக்கப் பார்த்தார். முந்திய நாள் குதிரை தூக்கிய தோள், முடியவில்லை. இருவருமாக நிலத்தில் இருந்துவிட்டோம்.

பெரியாஸ்பத்திரிப் பெண் என் காலைப் பார்த்தா. கன்றிக் கறுத்திருந்தது.

"மூண்டு நாள் ஓய்வு எடுத்தனியளோ?"

"எடுத்தனான்."

"அப்ப எப்பிடி?"

"குதிரை தூக்கினனான்."

"உயிர்க்குதிரையோ?" என்றா. பிறகு பதிலுக்குக் காத்திருக்காமல் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினா: நோ இல்லாத அளவுக்கு இடுப்புத் தூக்குதல், பிறகு மெல்ல நடை.

கால் தேறுவதற்குள் அணித்தலைவருக்கு விசா வந்துவிட்டது. வந்து சொன்னபோது மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு நெடுநேரம் படலையிலேயே நின்றார். அன்றைக்குத்தான் முதன்முதலாக, "அண்ணை, எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்டார். காலைக் கேட்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. கழகச் சட்டைகள் இருந்த பையை என் கையில் தந்தார். பதினைந்து சட்டை, அதில் எட்டு, மடிப்புக் கலையாதவை.

இப்போது நாங்கள் ஆறு பேர். ஆறு பேரோடு தொடங்கக்கூட முடியாது. ஏழாவது ஆளுக்கு ஊர் முழுக்கத் தேடிவிட்டேன். என்னைவிட இளையவர்கள் என்று பார்த்தால் எல்லோரும் ஏதோ ஒரு நாட்டின் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். என்னைவிட மூத்தவர்களிடம் கேட்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். தபால் அண்ணை சிரித்துவிட்டு எனக்கு வந்த கடிதத்தைத் தந்தார்.

சாமிக்கு மட்டும் ஒரு வழி பிறந்திருக்கிறது. லண்டன் அண்ணர் போய் ஒரு சகடை செய்வித்து அனுப்பியிருக்கிறார், சில்லுப் பூட்டியது. வாற வருஷம் குதிரை அதில் ஏறிப்போகும். தோள் வேண்டாம், தள்ள நாலு பேர் போதும். வெளியில் மாட்டுக்குழிக்குள் சில்லு இறங்காமல் இருக்க இப்போதே குழிகளை நிரவுகிறார்கள். உதைபந்தாட்டத்துக்கு இதைவிட நல்ல மைதானம் எங்களுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

திங்களும் வியாழனும் பின்னேரத்தில் முற்றத்தில் சாக்கை மடித்துப் போடுகிறேன். மனைவி சுளகோடு வந்து குதிக்காலில் உட்காருகிறா. ஏன் இன்னும் என்று ஒருதரம் கேட்டா. நான் சிரித்தேன். அவ மறுபடி கேட்கவில்லை.

"நேரா," என்றா. "இடுப்பை மடிக்காமல்."

நான் மெல்லச் சரிந்தேன்.